நால்வர் குளிக்கும் ஒரு குளியலறைக்குக் கீசர்: கொள்ளளவுக் கணக்கும் மாட்டும் இடமும்

கீசர் வாங்கப் போகும்போது முதலில் எழும் கேள்வி, எத்தனை லிட்டர் என்பது. அதற்கு முன்னால் தெரிய வேண்டியவை மூன்று: குழாயில் வரும் தண்ணீர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது, ஷவர் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் விடுகிறது, ஒருவர் குளித்து முடித்து அடுத்தவர் நுழைய எவ்வளவு நேரம் ஆகிறது. இவை கையில் இருந்தால் தொட்டியில் சூடாக்கிச் சேமிக்கும் ஸ்டோரேஜா, ஓடும் நீரையே சூடாக்கும் இன்ஸ்டன்டா என்பதையும் லிட்டரையும் ஒரு துண்டுத் தாளில் முடிவு செய்துவிடலாம்.

இங்கே எடுத்துக்கொண்டது ஒரே ஒரு குளியலறை. நீளம் 2.4 மீட்டர், அகலம் 1.5 மீட்டர், கூரை உயரம் 2.7 மீட்டர். கதவு ஒரு குறுகிய சுவரில். எதிர்ப்பக்கக் குறுகிய சுவரில் ஷவரும் அதன் கீழே மிக்ஸர் டேப்பும். பயன்படுத்துவோர் நால்வர். பெரியவர்கள் இருவர் ஷவரில் குளிப்பவர்கள், குழந்தைகள் இருவருக்கும் வாளியில் பிடித்துக் குளியல். எல்லோரும் காலையில் ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். தண்ணீர் மேல்தொட்டியிலிருந்து இறங்கி வருகிறது, ஷவர் தலைக்கும் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் இடையே 4 மீட்டர் உயரம்.

அளப்பது எளிது. ஆண்டின் குளிரான பருவத்தில் விடியற்காலையில் குழாயைத் திறந்து, குழாய்க்குள் தங்கிய நீர் போன பிறகு வரும் நீரில் வெப்பமானியை வைக்க வேண்டும். இங்கே 22 டிகிரி. வெயில் காலத்தில் அளந்தால் 28 காட்டி ஏமாற்றும், அந்த அளவை நம்பி வாங்கிய கருவி குளிர் நாளில் திணறும். ஷவர் வேகத்துக்கு, லிட்டர் அளவு குறித்த வாளியை அடியில் வைத்து ஒரு நிமிடம் ஓடவிட்டால் போதும். இங்கே 7 லிட்டர். குளிக்க இதமான சூடு 40 டிகிரி என்று வைத்துக்கொள்வோம்.

இன்ஸ்டன்ட் ஏன் விலக்கப்பட்டது

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.19 கிலோஜூல் வேண்டும். இதை நிமிடக் கணக்காக மாற்றினால் நினைவில் வைக்க வசதியான ஓர் எண் கிடைக்கும்: 3 கிலோவாட் எலிமென்ட், நிமிடத்துக்கு 43 'லிட்டர்-டிகிரி' தரும். நீர் எத்தனை டிகிரி ஏற வேண்டுமோ அதால் 43-ஐ வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வரும் என்பது விடை.

22-லிருந்து 40 வரை ஏற்றம் 18 டிகிரி. 43-ஐ 18-ஆல் வகுத்தால் 2.4 லிட்டர். ஷவருக்கு வேண்டியது 7. அதாவது 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசரில் ஷவரை முழுதாகத் திறந்தால் வெதுவெதுப்புக்கும் குறைவான நீர்தான் விழும். சூடாக வேண்டுமென்றால் நூல் மாதிரி ஒழுக விட வேண்டும். 4.5 கிலோவாட் கருவியும் 3.6 லிட்டரோடு நின்றுவிடும். ஷவர் வேகத்துக்கு ஈடு கொடுக்க ஏறக்குறைய 8.8 கிலோவாட் வேண்டும். 230 வோல்ட்டில் அது 38 ஆம்பியர். அதற்குத் தனி வயர், தனிப் பிரேக்கர், வீட்டின் மின் இணைப்பே அதைத் தாங்குமா என்ற கேள்வி எல்லாம் வரும். நீர் நன்றாகக் குளிரும் ஊர்களில் அப்படித்தான் பொருத்துகிறார்கள், ஆனால் அது வேறு அளவு வேலை.

இதில் ஒரு மயக்கம் உண்டு. கடையில் இன்ஸ்டன்ட் கீசரைத் திறந்து காட்டும்போது கொதிக்கிற மாதிரி நீர் கொட்டும். அது உள்ளே இருக்கும் 3 லிட்டர் சிறு தொட்டியில் ஏற்கெனவே சூடாகி நின்ற நீர். அது தீர்ந்ததும் மேலே சொன்ன 2.4 லிட்டர் கணக்குத்தான். முதல் அரை நிமிடத்தைப் பார்த்து வாங்கினால் இரண்டாம் நிமிடத்தில் உண்மை தெரியும்.

இன்ஸ்டன்ட் பயனற்றது என்று இதற்குப் பொருள் இல்லை. 18 லிட்டர் வாளி ஒன்றை அது ஏழரை நிமிடத்தில் நிரப்பும்; வாளியில் மட்டும் குளிக்கும் ஒருவர் இருவருக்கு அது போதும், இடமும் மிச்சம். கை கழுவும் தொட்டிக்கும் அதுவே பொருத்தம். குழாயில் வரும் நீரே 28 டிகிரிக்குக் குறையாத ஊரில் ஏற்றம் 12 டிகிரிதான் என்பதால் நிமிடத்துக்கு 3.6 லிட்டர் கிடைக்கும். சிக்கன ஷவர் தலை போட்டால் சமாளிக்கலாம். நமது நால்வர் கணக்குக்கு அது ஒத்துவராது.

எத்தனை லிட்டர்

ஸ்டோரேஜ் கீசரில் நீரை 60 டிகிரிக்கு ஏற்றி வைத்து, குளிர்நீரோடு கலந்து 40 ஆக்குகிறோம். கலவையில் சூடான நீரின் பங்கு: 18-ஐ 38-ஆல் வகுத்தால் 0.47, அதாவது பாதிக்குச் சற்றுக் குறைவு. ஒருவர் 6 நிமிடம் ஷவரில் நின்றால் 42 லிட்டர் கலந்த நீர், அதில் கீசரிலிருந்து வர வேண்டியது 20 லிட்டர். வாளிக் குளியல் ஒன்றுக்கு 18 லிட்டர் என்றால் கீசர் தர வேண்டியது எட்டரை லிட்டர். நால்வருக்கும் சேர்த்து 57 லிட்டர். அதற்காக 57 லிட்டர் தொட்டி வேண்டாம், இடைவெளியில் நீர் மீண்டும் சூடாகும்.

இரண்டு திருத்தங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று, தொட்டியில் எழுதியிருக்கும் கொள்ளளவு முழுவதும் சூடாக வராது. மேலிருந்து சூடான நீர் வெளியேற வெளியேற அடியில் குளிர்நீர் நுழைந்து கலக்கும். அதனால் 80 சதவீதத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்: 25 லிட்டருக்கு 20, 15 லிட்டருக்கு 12. இன்னொன்று, 2 கிலோவாட் எலிமென்ட் 22 டிகிரி நீரை 60-க்கு ஏற்றும் வேகம், வீணாவது போக, நிமிடத்துக்குச் சுமார் 0.7 லிட்டர். 25 லிட்டர் தொட்டி முழுக்கச் சூடேற முப்பத்தைந்து நிமிடம்.

15 லிட்டர் தொட்டியை முதலில் பார்ப்போம். ஷவர் நிமிடத்துக்கு 3.3 லிட்டர் சூடான நீரை உறிஞ்சுகிறது, எலிமென்ட் 0.7 திருப்பித் தருகிறது, நிகரக் குறைவு 2.6. கையிருப்பு 12 லிட்டர் நாலரை நிமிடத்தில் தீரும். தலையில் சோப்பு நுரையோடு நிற்கும்போது குளிர்நீர் விழும். ஆக, 15 லிட்டர் முதல் ஆளுக்கே போதவில்லை.

25 லிட்டரில் குளிக்கும் வரிசையைப் பொறுத்து விடை மாறுகிறது, அதுதான் இந்தக் கணக்கின் சுவையான இடம். பெரியவர் ஒருவர் முதலில் ஷவரில் குளிக்கிறார். 20 லிட்டர் கையிருப்பு, குளிக்கும்போதே சூடான 4 லிட்டர், செலவு 20; மிச்சம் 4. அடுத்த பெரியவர் இருபதாவது நிமிடத்தில் நுழைந்தால் இடையில் கிடைத்த பதினான்கு நிமிடத்தில் 10 லிட்டர் சேர்ந்து 14 ஆகியிருக்கும். அவர் குளிக்கும்போது இன்னும் 4. மொத்தம் 18, வேண்டியது 20. கடைசி அரை நிமிடம் ஆறிப்போன நீர்.

அதே தொட்டியில் இரு பெரியவர்களுக்கும் நடுவே குழந்தைகளைக் குளிக்க வைத்துப் பாருங்கள். இருபதாவது நிமிடத்தில் இருப்பு 14, முதல் குழந்தைக்கு எட்டரை போக ஐந்தரை. முப்பத்தைந்தாவது நிமிடத்தில் 16, இரண்டாவது குழந்தைக்கு எட்டரை போக ஏழரை. ஐம்பதாவது நிமிடத்தில் 18. இரண்டாம் பெரியவர் குளிக்கும்போது சேரும் 4-ஐயும் சேர்த்து 22. அவருக்கு வேண்டிய 20 கிடைத்துவிடுகிறது. வரிசையை மாற்றியதில் பெரிய கீசர் வாங்கும் தேவை போய்விட்டது. இடையில் குளிக்கும் குழந்தைகளுக்குத் தொட்டி நீர் 60-ஐ எட்டியிருக்காது, ஐம்பதை ஒட்டி அல்லது அதற்கும் கீழே இருக்கும். வாளியில் குளிர்நீரைக் குறைத்துக் கலந்தால் சரியாகிவிடும்.

வரிசையெல்லாம் எங்கள் வீட்டில் நடக்காது, இரு பெரியவர்களும் அடுத்தடுத்துத்தான் போவார்கள் என்றால் 35 லிட்டர் வேண்டும். அதில் பயன்படும் இருப்பு 28. முதல் ஷவருக்குப் பிறகு 12 மிஞ்சும், இருபதாவது நிமிடத்தில் அது 22 ஆகிவிடும், இரண்டாவதற்கும் தாராளமாக இருக்கும். ஆனால் சுவரில் தொங்கும் எடை 10 கிலோவுக்கு மேல் கூடும், முதல் சூடேற்றம் முக்கால் மணி நேரத்தைத் தாண்டும், குளிப்பவர்கள் குறைவான நாளிலும் அத்தனை நீரும் சூடாகி ஆறும். இந்தக் குளியலறைக்கு 25 லிட்டர், 2 கிலோவாட், நிமிர்ந்து தொங்கும் வகை என்று முடிவானது.

தெர்மோஸ்டாட்டை 75 வரை திருகி வைத்தால் அதே தொட்டியிலிருந்து கலந்த நீர் கூடுதலாகக் கிடைக்குமே என்று தோன்றும். கிடைக்கும். ஆனால் 60 டிகிரிக்கு மேல் உப்பு படிவது வேகமாகும், தொட்டியின் உட்பூச்சும் சீக்கிரம் தளரும், சூடான குழாயை மட்டும் திறந்துவிடும் குழந்தையின் கை கண்ணிமைக்கும் நேரத்தில் வெந்துவிடும். 60 டிகிரி நீரே சில நொடிகளில் கொப்புளம் போட வைக்கும். மறுபக்கம், 45-க்குக் குறைத்து வைப்பதும் சரியில்லை. தேங்கிய வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா கிருமி பெருகும். 60-இல் சேமித்து, குழந்தைகள் இருக்கும் வீட்டில் தெர்மோஸ்டாட்டிக் மிக்ஸர் போட்டு வெளியே வரும் நீரை 40-ஐ ஒட்டி நிறுத்துவதே நல்ல ஏற்பாடு.

எந்தச் சுவர், எந்த இடம்

குளியலறை மின்கருவிகளுக்கான பன்னாட்டு விதி ஐ.இ.சி. 60364-7-701. அது குளியலறையை மண்டலங்களாகப் பிரிக்கிறது. விளிம்பு கட்டிய ஷவர் தட்டு இல்லாமல் தரையிலேயே நின்று குளிக்கும் குளியலறையில், ஷவர் குழாய் சுவரில் பொருத்தப்பட்ட புள்ளியிலிருந்து 1.2 மீட்டர் ஆரத்துக்கும், தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம் வரைக்கும் உள்ள இடம் முதல் மண்டலம். நிலையாகப் பொருத்திய கீசரை அங்கேயும் வைக்க அந்த விதி இடம் தருகிறது, கருவிக்குக் குறைந்தது ஐ.பி.எக்ஸ்.4 அளவு நீர்க்காப்பு இருந்தால். ஆனால் பிளக் மாட்டும் சாக்கெட்டும் சுவிட்சும் அங்கே கூடாது. உள்ளூர் விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும்.

வைக்கலாம் என்பதால் வைத்துவிட வேண்டியதில்லை. ஷவருக்கு நேர் மேலே தொங்கவிட்டால் நீராவி முழுவதும் கருவியின் அடிமூடியில் படியும், அங்கேதான் தெர்மோஸ்டாட்டும் வயர் முனைகளும் இருக்கின்றன. முதலில் 2.25 மீட்டருக்கு மேலே தூக்கிவிடலாமா என்று பார்த்தால், கருவியின் உயரம் அரை மீட்டர், கூரை 2.7, மேலே தூக்கி மாட்ட இடைவெளியே இல்லை. அதனால் உயரத்தை விட்டுவிட்டுத் தூரத்தைப் பிடித்துக்கொண்டோம். அறை நீளம் 2.4 மீட்டர். ஷவர் சுவரிலிருந்து 1.2 மீட்டர் தள்ளினால் கதவுப் பக்கத்தில் இன்னொரு 1.2 மீட்டர் கிடைக்கிறது. அந்தப் பகுதியின் நீளச் சுவரில், ஷவர் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தொலைவில், கருவியின் அடிப்பாகம் தரையிலிருந்து 1.9 மீட்டரில் இருக்கும்படி குறி போடப்பட்டது. மேலே 30 செ.மீ. மிஞ்சுகிறது, தாங்கியில் தூக்கி மாட்ட அது போதும். கீழே எலிமென்டையும், தொட்டியை அரிக்காமல் காக்கும் ஆனோடு தண்டையும் உருவி எடுக்க இடம் இருக்கிறது. இதை மறந்து கருவிக்கு அடியில் அலமாரி கட்டிவிட்டால், பின்னாளில் தண்டு மாற்றக் கருவி முழுவதையும் இறக்க வேண்டிவரும்.

மிக்ஸர் வரை குழாய் நீளம் மூன்று மீட்டருக்குள் வருகிறது. 15 மி.மீ. உள்விட்டக் குழாயில் ஒரு மீட்டருக்கு 0.18 லிட்டர் நீர் நிற்கும், ஆக சூடான நீர் வந்து சேரும் முன் அரை லிட்டர் வீண். இது பெரிதில்லை. அதே கருவியை அடுத்த அறையில் வைத்து எட்டு மீட்டர் இழுத்தால் ஒவ்வொரு முறையும் ஒன்றரை லிட்டர் ஓடிய பிறகுதான் சூடு தெரியும்.

ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே கீசரை ஒளித்து வைக்கும் பழக்கம் பார்க்க அழகுதான். கசிவு தெரியாது, வால்வு சொட்டுவது தெரியாது, திறக்கும் பலகையும் இருக்காது. அப்படித்தான் வேண்டுமென்றால் கருவிக்கு அடியில் வடிகுழாய் வைத்த தட்டும், ஆள் கை நுழையும் திறப்பும் கட்டாயம்.

நிமிர்ந்து தொங்க வேண்டிய கருவியை இடமில்லை என்று படுக்கவைத்து மாட்டக் கூடாது. சூடான நீர் வெளியேறும் குழாய் உள்ளே தொட்டியின் உச்சி வரை போகிறது. படுக்கவைத்தால் உச்சியில் காற்று தங்கி எலிமென்டின் ஒரு பகுதி நீருக்கு வெளியே நிற்கலாம். நீர் தொடாத எலிமென்ட் சீக்கிரமே வெடித்துப் போகும். படுக்கை வசம் வேண்டுமென்றால் அதற்கென்றே செய்த கருவியை வாங்க வேண்டும்.

சுவர் தாங்குமா

25 லிட்டர் நீர் 25 கிலோ, கருவி 11 கிலோ, மொத்தம் 36. இந்த எடை கீழ்நோக்கி இழுப்பதோடு நிற்பதில்லை. கருவியின் நடுப்புள்ளி சுவரிலிருந்து 19 செ.மீ. முன்னால் இருக்கிறது, மேலே தாங்கி, கீழே சுவரில் சாயும் இடம், இரண்டுக்கும் நடுவே 30 செ.மீ. அதனால் மேல் ஆங்கர்களைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை ஏறக்குறைய 23 கிலோ. கீசர் விழுந்த இடங்களில் போல்ட் முறிந்திருக்காது. சுவரோடு பெயர்ந்து வந்திருக்கும். காரணம் இந்தப் பிடுங்கும் விசைதான்.

பெயர்வது எதனால் என்றால் டைல்ஸும் பூச்சும் தின்னும் ஆழம். டைல் 8 மி.மீ., ஒட்டிய கலவை 10, பூச்சு 12, ஆக 30 மி.மீ. வரை ஆங்கருக்குப் பிடிப்பே கிடையாது. பெட்டியில் வந்த 60 மி.மீ. ஆங்கர் செங்கல்லுக்குள் பாதிகூடப் போகாது. இங்கே 10 மி.மீ. தடிமன், 100 மி.மீ. நீள ஆங்கர் இரண்டு போடப்பட்டன. செங்கல்லுக்குள் 65 மி.மீ. பிடிப்பு.

முதலில் சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டும். டைல் பொள்ளென்று ஒலித்தால் பின்னால் கலவை இல்லை, இறுக்கும்போது அது வெடிக்கும். மிக்ஸருக்கு நேர் மேலும் சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் கீழும் துளை போடாதீர்கள், சுவருக்குள் குழாயும் வயரும் அந்தக் கோட்டில்தான் ஓடும். டைலைத் தாண்டும் வரை டைல் பிட் கொண்டு, ஹேமர் இயக்கத்தை நிறுத்திவிட்டு, மெதுவாகத் துளைக்க வேண்டும். பிறகு மேசன்ரி பிட்டும் ஹேமரும். வெளியே வரும் தூளின் நிறத்தைப் பாருங்கள்: சிவப்பு வந்தால் செங்கல், சாம்பல் நிறமே தொடர்ந்து வந்து பிட் சட்டென்று உள்ளே போனால் சாந்து மூட்டு. மூட்டில் ஆங்கர் நிற்காது, இரண்டு விரற்கடை தள்ளி மறுபடி துளைக்க வேண்டும். துளையின் தூளை ஊதி வெளியேற்றாமல் ஆங்கர் போட்டால் அது பாதியில் நின்றுவிடும், ஆள் இறுகிவிட்டதென்று நினைத்துக்கொள்வார்.

எதிர்ச்சுவர் இந்த வீட்டில் காற்றடைத்த இலேசான பிளாக்கால் கட்டியது. அதில் விரியும் ஆங்கர் போட்டால் விரியும் இடத்தில் பிளாக் நொறுங்கும். அங்கேதான் மாட்ட வேண்டுமென்றால் கெமிக்கல் ஆங்கர், அல்லது சுவரை ஊடுருவி மறுபக்கம் இரும்புத் தகடு வைத்து இறுக்கும் போல்ட். இங்கே செங்கல் சுவர் இருந்ததால் அந்த வேலை மிச்சமானது.

தாங்கியை இறுக்கிய பிறகு, கருவியை மாட்டும் முன், எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் அதை இரு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்ப்பது நல்லது. நீர் நிரம்பிய கருவியின் எடையைப் போல இரண்டு மடங்கு அது. தாங்கி ஒரு மி.மீ. கூட முன்னால் வரக்கூடாது.

குழாயும் சேஃப்டி வால்வும்

சுவரிலிருந்து கருவி வரை இரண்டு பின்னல் ஹோஸ், குளிர்நீர் வாயில் சேஃப்டி வால்வு. சுவருக்குள் ஓடும் சூடான குழாய் சி.பி.வி.சி. அல்லது பி.பி.ஆர். ஆக இருக்க வேண்டும். சாதாரண பி.வி.சி. அறுபது டிகிரியில் மென்மையாகித் தொய்ந்து, மூட்டில் கசியும்.

சேஃப்டி வால்வுக்குள் இரண்டு வேலை நடக்கிறது. சூடான நீர் திரும்பி மேல்தொட்டிக்கு ஓடாமல் தடுக்கிறது. அழுத்தம் எல்லை தாண்டினால், பெரும்பாலும் 8 பார், பக்கவாய் வழியாக நீரை வெளியே விடுகிறது. 25 லிட்டர் நீர் 22-லிருந்து 60-க்கு ஏறும்போது ஒன்றரை சதவீதம் விரியும், அதாவது 370 மி.லி. திரும்பிப் போகும் வழியை வால்வு அடைத்துவிட்டதால், எல்லாக் குழாயும் மூடியிருந்தால் இந்த நீர் பக்கவாயில்தான் சொட்டும். கீசர் ஓடும்போது மட்டும் சொட்டினால் அது பழுதில்லை. இரவும் பகலும், ஆறிய பிறகும் சொட்டினால் வால்வின் இருக்கையில் மணலோ உப்போ சிக்கியிருக்கிறது. சிறு நெம்புகோலைத் தூக்கி ஒரு கோப்பை நீரை வெளியேற்றினால் பெரும்பாலும் அடைத்துக்கொள்ளும், இல்லையென்றால் வால்வை மாற்ற வேண்டும்.

இந்தச் சொட்டைக் கசிவு என்று எண்ணிப் பக்கவாயை மூடி போட்டு அடைப்பதுதான் இந்த வேலையில் நடக்கும் மிக ஆபத்தான தவறு. தெர்மோஸ்டாட்டும் ஒருநாள் கெட்டால் தொட்டி உப்பி வெடிக்கலாம். பக்கவாயில் ஒரு சிறு குழாயைச் செருகி, சரிவாக இறக்கி, வடிகால் அருகே திறந்த வாயாக விடுங்கள். அந்தச் சொட்டு யார் தலையிலும் விழாது. வால்வுக்கும் கருவிக்கும் நடுவே வேறு அடைப்புக் குழாய் எதுவும் வைக்கக் கூடாது.

சேஃப்டி வால்வே இல்லாமல் நேரடியாக இணைத்தால் வேறொரு கேடு. மேல்தொட்டி காலியாகி, கீழே வேறு குழாய் திறந்திருந்தால், கீசருக்குள் இருக்கும் நீர் பின்னோக்கி இழுக்கப்பட்டு வடியும். பிறகு யாராவது சுவிட்சைப் போட்டால் எலிமென்ட் வெறுந்தொட்டியில் எரியும். மேல்தொட்டியின் உயரம் 4 மீட்டர் என்பதால் இங்கே அழுத்தம் வெறும் 0.4 பார், வால்வில் ஸ்பிரிங் விறைப்பாக இருந்தால் ஷவர் வேகம் குறையும். ஓடும் வேகத்தை வால்வு போட்ட பிறகு மீண்டும் வாளியால் அளந்து பார்க்கவும்.

மின்சாரம், முதல் ஓட்டம்

2 கிலோவாட் என்றால் 8.7 ஆம்பியர். 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், 16 ஆம்பியர் எம்.சி.பி., மின்கசிவு கண்டதும் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., இந்தக் கருவிக்கென்று பெட்டியிலிருந்து தனி வழி. கட்டுப்பாட்டு சுவிட்ச் கதவுக்கு வெளியே, ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டும் இரட்டை முனை வகை, எரிகிறதா என்று காட்டும் விளக்குடன். ஒற்றை முனை சுவிட்சில் ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால், அணைத்த பிறகும் எலிமென்டில் மின்சாரம் நிற்கும்.

எர்த் இல்லாமல் ஆர்.சி.சி.பி. மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. எலிமென்டின் உறை விரிந்து கசியும்போது எர்த் இருந்தால் ஆர்.சி.சி.பி. அந்த நொடியே விழும். எர்த் இல்லையென்றால் மின்சாரம் நீரிலும் உலோகத்திலும் காத்திருந்து, யாராவது குழாயைத் தொட்ட பிறகுதான் விழும். இரண்டும் வேண்டும். இந்த இணைப்பும் எர்த் சோதனையும் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் செய்ய வேண்டியவை.

சுவிட்சைத் தொடும் முன் நீர் நிரப்ப வேண்டும். மிக்ஸரின் சூடான பக்கத்தைத் திறந்து வைத்தால் முதலில் காற்று துப்பும், பிறகு துப்பித் துப்பி வரும், கடைசியில் சீராக ஓடும். சீராக இரண்டு நிமிடம் ஓடிய பிறகு மூடி, எல்லா மூட்டையும் உலர்ந்த தாளால் துடைத்துப் பார்த்து, அதன் பிறகே மின்சாரம். ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். முப்பத்தைந்து நிமிடத்தில் விளக்கு அணைந்து, பக்கவாய் சொட்டத் தொடங்கினால் கணக்கும் கருவியும் ஒத்துப்போகின்றன. ஐம்பது நிமிடம் ஆகியும் அணையாவிட்டால் தெர்மோஸ்டாட் அளவு கூடுதலாக இருக்கலாம், அல்லது வரும் மின்னழுத்தம் குறைவு. 200 வோல்ட்டில் 2 கிலோவாட் எலிமென்ட் ஒன்றரை கிலோவாட்தான் தரும்.

ஓடி முடிந்ததும் பிளக் உள்ள இணைப்பாக இருந்தால் அதைத் தொட்டுப் பாருங்கள். கைபொறுக்காத சூடோ, பிளாஸ்டிக் வாடையோ, பழுப்பேறிய முனையோ தெரிந்தால் சாக்கெட்டின் பிடி தளர்ந்திருக்கிறது. உடனே மாற்ற வேண்டும்.

உப்பு நீர் உள்ள வீட்டில் ஓராண்டில் ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்து, நீரை வடித்து, மெக்னீசியம் ஆனோடு தண்டை உருவிப் பார்க்க வேண்டும். தொட்டி இரும்பைக் காக்கத் தானே கரைவது அதன் வேலை. பாதிக்கு மேல் கரைந்து நடுக்கம்பி தெரிந்தால் புதியது போடலாம். எலிமென்டில் வெள்ளைப் படிவு ஏறினால் சூடேறும்போது உள்ளே பொரிகிற மாதிரி சத்தம் கேட்கும், சூடேறும் நேரமும் முப்பத்தைந்திலிருந்து நகரத் தொடங்கும்.